நிண்டு பிடிக்கிற சாப்பாடு

ஸ்கந்தபுரத்தில் கச்சான் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போகிற பெண்கள் விடிய ஏழு மணிக்கு முன்னரே சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் தேங்காய்ப்பூப் போட்டு அவித்த வெள்ளைமாப் பிட்டு, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சம்பல், அதற்குமேல் சீனி தாராளமாய்ப் போட்ட பிளேன்ரீ. சாப்பிட்டு எழும்பும்போது வயிறு நிறைந்துதான் இருக்கும். பத்து மணி ஆவதற்குள் ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கையை வைப்பாள். "விடிய வயிறு முட்டத்தான் சாப்பிட்டனான் அக்கா. அதுக்குள்ள கேக்குது" என்பாள். பக்கத்து வரிசையில் நிற்கிற வயதுபோன அம்மாவிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும்: "வெள்ளைமா நிண்டு பிடிக்காது பிள்ளை. ரெண்டு கௌபி அவிச்சுச் சாப்பிட்டிருந்தா மத்தியானம் வரைக்கும் கிடந்திருக்கும்."

வன்னியில் எந்தச் சாப்பாட்டையும் இந்த ஒரு சொல்லால் எடைபோட்டுவிடுவார்கள். குரக்கன் நின்று பிடிக்கும், ஒடியல் நின்று பிடிக்கும், பாண் நின்று பிடிக்காது. சாப்பாட்டில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை இந்தச் சொல் அளப்பதில்லை. அடுத்த பசி எப்போது வரும் என்பதைத்தான் அளக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஆய்வுகூடங்கள் விளங்கிக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. புரதமும் நாரும் குறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு பசி ஏன் விரைவாகத் திரும்புகிறது, அதைப்பற்றி எது உறுதியாகத் தெரியும், எதில் இன்னும் இழுபறி இருக்கிறது என்பதை அந்தத் தோட்டத்துச் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

ஒரே சக்தி, இரண்டு தட்டு

முதலில் தட்டை நிறுத்துப் பார்ப்போம். தீட்டிய பச்சை அரிசி மா 100 கிராமில் பிட்டு அவித்து, அதற்கு 20 கிராம் தேங்காய்ப்பூ போட்டு, மூன்று தேக்கரண்டி சீனியோடு தேத்தண்ணி குடித்தால் ஏறக்குறைய 490 கலோரி கிடைக்கும். அதில் புரதம் 7 கிராம் அளவுதான். நார் மூன்று, மூன்றரை கிராம். அந்த நாரிலும் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து வருகிறது.

இனி அந்த அம்மா சொன்ன தட்டைப் பார்ப்போம். சிவப்பரிசி மா 60 கிராமில் பிட்டு, 10 கிராம் தேங்காய்ப்பூ. கௌபி காய்ந்த நிறையில் 50 கிராம் எடுத்து அவித்தால் ஒரு சின்னக் கோப்பை நிறைய வரும். அதோடு 15 கிராம் நெத்தலிக் கருவாடு, ஒரு பிடி முருங்கையிலை வறை, சீனி போடாத தேத்தண்ணி. இதுவும் ஏறக்குறைய 480 கலோரிதான். ஆனால் புரதம் 26 கிராமுக்கும் நார் 10 கிராமுக்கும் ஏறிவிடுகிறது. அவித்த கௌபி தண்ணீரை உறிஞ்சி ஊதியிருப்பதால் தட்டின் மொத்த நிறையும் முதல் தட்டைவிட நூறு கிராமளவு கூட. இவை உணவுக் கூறு அட்டவணைகளை வைத்துப் போட்ட மதிப்புக் கணக்கு. அரிசியின் இனத்தையும் தீட்டலையும் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும்.

இரண்டு தட்டிலும் சக்தி ஒன்றுதான். முதல் தட்டுப் பத்து மணிக்குக் கைவிடுகிறது, இரண்டாவது மத்தியானத்தை நெருங்குகிறது. "சக்தி தீர்ந்துவிட்டது, அதனால் பசிக்கிறது" என்ற விளக்கம் இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. களை பிடுங்குகிறவளுக்காவது வேலையில் சக்தி செலவாகிறது என்று சொல்லலாம். அதே வெள்ளைமாப் பிட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்து கணக்கு எழுதுகிறவர் மூன்று மணித்தியாலத்தில் 300 கலோரியளவுகூடச் செலவழிப்பதில்லை. சாப்பிட்டதில் கணிசமான பங்கு உடம்பில் கிடக்கிறது. ஈரலில் மாச்சத்துச் சேமிப்பு உண்டு, தோலுக்குக் கீழே கொழுப்பு உண்டு. அவருக்கும் பத்து மணிக்குப் பசிக்கிறது. அவருக்குத் தீர்ந்துபோனது சக்தியல்ல. "இன்னும் சாப்பாடு இருக்கிறது" என்று வயிறும் குடலும் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருந்த செய்திதான்.

வயிறு சொல்லும் செய்தி

1912இல் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கனனின் ஆய்வுகூடத்தில் வாஷ்பேர்ன் என்ற மாணவர் ஒரு சிறு பலூனை விழுங்கி, வயிற்றின் அசைவைப் பதிவுசெய்தார். வெறுவயிறு சுருங்குகிற நேரமும் அவர் "பசிக்கிறது" என்று சொன்ன நேரமும் ஒத்துப்போயின. பசி என்பது வெறும் வயிற்றின் பிசைவுதான் என்று அப்போது முடிவாயிற்று. பின்னாளில், வயிறு அறுத்து அகற்றப்பட்டவர்களுக்கும் பசி வருவது தெரியவந்தபோது அந்த முடிவு ஆட்டங்கண்டது. இன்றைய விளங்கிக்கொள்ளலில் வயிற்றின் நிறைவு ஒரு செய்தி மட்டுமே. ஆனால் சாப்பிட்ட முதல் ஒரு மணித்தியாலத்தில் அதுதான் முதன்மையான செய்தி.

வயிற்றுச் சுவர் விரியும்போது அங்குள்ள நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. அவை கலோரியை எண்ணுவதில்லை, கொள்ளளவைத்தான் உணர்கின்றன. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசானா ஹோல்ட்டும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 38 உணவுகளில் ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவாக எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் வரை கால் மணிக்கு ஒருதரம், வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிட்டார்கள். குறோசான் 47 புள்ளியோடு அடியில் நின்றது. மீன் 225 பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலே 323 புள்ளியோடு நின்றது அவித்த உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கில் புரதமும் அதிகமில்லை, நாரும் அதிகமில்லை. அப்படியிருக்க அது எப்படி முதலிடத்துக்கு வந்தது? 240 கலோரிக்குக் குறோசான் 60 கிராமளவு போதும். அவித்த உருளைக்கிழங்கு என்றால் முந்நூற்றைம்பது கிராமுக்கும் மேலே சாப்பிடவேண்டும். வயிறு விரிந்தது அந்த நிறையாலும் அதிலுள்ள தண்ணீராலும்தான். உணவின் நிறை, தண்ணீர், நார், புரதம் ஆகியவை கூடக் கூட நிறைவும் கூடியது, கொழுப்புக் கூடக் குறைந்தது என்பதே அந்த ஆய்வின் பொதுமுடிவு. ஆகவே புரதமும் நாரும் மட்டுமே பசியைத் தீர்மானிக்கின்றன என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

அந்தப் பட்டியலில் நம்மவர்கள் நின்று கவனிக்கவேண்டிய இன்னோர் இடமும் உண்டு. வெள்ளை அரிசிச் சோறு 138, தவிடு நீக்காத அரிசிச் சோறு 132. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். "சிவப்பரிசிக்கு மாறினால் பசி நிற்கும்" என்ற பேச்சை அந்த எண்கள் தாங்கவில்லை. இரண்டுமே தண்ணீரில் வெந்து ஊதிய சோறு, இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்று. தவிட்டால் கூடுகிற நார் ஒன்றிரண்டு கிராம்தான். தவிட்டில் வேறு நன்மைகள் உண்டு. ஆனால் பசியைத் தள்ளிப்போடுகிற பெரிய வேலையை அரிசியின் நிறம் செய்வதில்லை. அரிசிக்குப் பக்கத்தில் வைக்கிற கறிதான் செய்கிறது.

அதே ஆய்வின் குறையையும் சொல்லியாகவேண்டும். அது இரண்டு மணித்தியாலத்தோடு நின்றுவிட்டது. ஒவ்வோர் உணவையும் உண்டு பார்த்தவர்களும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். தோட்டத்துப் பெண் கேட்கிற கேள்வி மூன்றாவது மணித்தியாலத்தைப் பற்றியது. அங்கே கொள்ளளவின் செய்தி அடங்கி, வேறு செய்திகள் பேசத் தொடங்கியிருக்கும்.

தண்ணீரைக் குடிப்பதும் கூழாய்க் குடிப்பதும்

கொள்ளளவுதான் கணக்கென்றால் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா றோல்ஸ் இதைத்தான் சோதித்தார். கோழியும் அரிசியும் மரக்கறியும் சேர்ந்த ஓர் உணவைப் பெண்களுக்கு ஒருநாள் அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே உணவோடு 356 கிராம் தண்ணீரைத் தனியே குடிக்கக் கொடுத்தார்கள். வேறொரு நாள் அதே அளவு தண்ணீரை உணவோடு சேர்த்துக் காய்ச்சிச் சூப்பாகக் கொடுத்தார்கள். சூப் குடித்த நாளில் மட்டும் அடுத்த சாப்பாட்டில் அவர்கள் தெளிவாகக் குறைத்துச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் வைத்துக் குடித்த தண்ணீரால் பயன் இருக்கவில்லை.

தனித் தண்ணீர் வயிற்றிலிருந்து நிமிடக் கணக்கில் இறங்கிவிடுகிறது. உணவோடு கலந்து கெட்டிப்பட்ட தண்ணீர் உணவோடுதான் இறங்கும். ஒடியற்கூழ் ஏன் அப்படி வயிற்றில் கிடக்கிறது என்பதற்கு இதில் ஒரு பங்கு விளக்கம் இருக்கிறது. ஒடியல் மாவின் நாரும் மாச்சத்தும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்குள் மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போடுகிறோம். புரதம், நார், கட்டுண்ட தண்ணீர் மூன்றும் ஒரே சட்டிக்குள் வந்துவிடுகின்றன.

சீனித் தேத்தண்ணி இதற்கு நேரெதிர். சக்தியும் தண்ணீரும் அதில் உண்டு, ஆனால் இரண்டையும் வயிற்றில் நிறுத்திவைக்க ஒன்றுமில்லை. 1977இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த பழைய ஆய்வொன்று இதே விடயத்தை அப்பிளை வைத்துக் காட்டியது. முழு அப்பிளையும், அரைத்த அப்பிளையும், பிழிந்த சாற்றையும் ஒரே அளவு மாச்சத்து வருமாறு கொடுத்தார்கள். சாற்றை முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் குடித்து முடிக்க முடிந்தது. நிறைவு முழுப் பழத்தில் கூட, அரைத்ததில் குறைவு, சாற்றில் அதைவிடக் குறைவு. சாறு குடித்த பிறகு குருதியில் சீனி ஏறி, பின்னர் தொடங்கிய மட்டத்துக்கும் கீழே சரிந்தது. முழுப் பழத்தில் அந்தச் சரிவு இல்லை.

மூன்றாவது மணித்தியாலம்

அந்தச் சரிவுதான் அடுத்த செய்தி. நன்றாக அரைத்து ஆவியில் வெந்த வெள்ளைமாவில் மாச்சத்து இளகிப்போய் இருக்கும். குடலின் நொதியங்கள் அதை வேகமாகச் சீனியாக உடைக்கின்றன. அதோடு தேத்தண்ணியின் சீனியும் சேர்கிறது. குருதியில் சீனி விரைந்து ஏற, கணையம் இன்சுலினை அள்ளி விடுகிறது. இன்சுலின் அந்தச் சீனியைத் தசைக்கும் கொழுப்புக்கும் அனுப்புகிறது. குடலிலிருந்து வருகிற சீனி ஓய்ந்த பின்னரும் இன்சுலினின் வேலை கொஞ்ச நேரம் தொடர்வதால், இரண்டாவது மூன்றாவது மணித்தியாலத்தில் குருதிச் சீனி சாப்பிடுவதற்கு முன்னிருந்த மட்டத்துக்குக் கீழே இறங்கலாம்.

இது நோயாகிற அளவு வீழ்ச்சி அல்ல, சிறு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குப் பசியைக் கிளப்பும் வலு உண்டா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 2021இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் குருதிச் சீனியைத் தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வு ஒன்று விடையளித்தது. அடுத்த பசியைச் சீனி எவ்வளவு உயரம் ஏறியது என்பது அவ்வளவாகச் சொல்லவில்லை. இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது நன்றாகச் சொன்னது. ஆழமாக இறங்கியவர்கள் மற்றவர்களைவிட அரை மணித்தியாலமளவு முந்தி அடுத்த சாப்பாட்டுக்கு வந்தார்கள், அந்த நாளில் 300 கலோரியளவு கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

அந்த ஆய்வில் எல்லாரும் ஒரே வகைக் காலைச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள். அப்படியும் சிலருக்குப் பள்ளம் ஆழமாக விழுந்தது, சிலருக்கு விழவேயில்லை. ஒரே சட்டிப் பிட்டைச் சாப்பிட்ட நாலு பேரில் ஒருத்தி மட்டும் ஒன்பதரைக்கே வாடிப்போவதும் மற்றவள் பன்னிரண்டு வரை இழுப்பதும் மனத்தின் உறுதியால் வந்த வேறுபாடு அல்ல. உடம்புக்கு உடம்பு வேறுபாடு.

பள்ளத்தோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. வெறும் வயிற்றின் சுவரிலிருந்து கிரெலின் என்ற இயக்குநீர் சுரக்கிறது. 1999இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த இது, பசியைத் தூண்டுகிறது. சாப்பிட்டால் அடங்குகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் மாச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றில் ஒவ்வொன்றை முதன்மையாகக் கொண்ட பானங்களைக் கொடுத்து, கிரெலினைப் பல மணித்தியாலம் தொடர்ந்து அளந்தார்கள். மாச்சத்துப் பானம் கிரெலினை நன்றாகத்தான் அடக்கியது. ஆனால் பிறகு கிரெலின் மீண்டெழுந்து, குடிப்பதற்கு முன்னிருந்த மட்டத்தையும் தாண்டிப் போனது. புரதப் பானத்தில் அது நெடுநேரம் அடங்கியே கிடந்தது. வெள்ளைமாப் பிட்டுச் சாப்பிட்ட உடனே கிடைக்கிற நிறைவு பொய்யல்ல என்பதை இது காட்டுகிறது. அந்த நிறைவுக்குப் பின் வருகிற பசி, சாப்பிடாமல் இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடவாகவே தெரியலாம்.

புரதமும் நாரும் செய்கிற வேலை

அதே தட்டில் கௌபியும் நெத்தலியும் வந்தால் எங்கே மாற்றம் நிகழ்கிறது? புரதம் சிறுகுடலில் உடைபடும்போது அங்குள்ள கலங்கள் சில இயக்குநீர்களை விடுகின்றன. அவற்றில் கொலிசிஸ்டோகைனின் வயிற்றின் கீழ்வாயை இறுக்கி, "கொஞ்சம் கொஞ்சமாய் அனுப்பு" என்கிறது. ஜி.எல்.பி-1 உம் பி.வை.வை.யும் அதே செய்தியை மூளைக்கும் கொண்டுபோகின்றன. இப்போது உடல் எடையைக் குறைக்கப் போடுகிற ஊசிமருந்துகள் இந்த ஜி.எல்.பி-1இன் வேலையைத்தான் போலச் செய்கின்றன. கௌபி அந்த ஊசிக்கு ஈடாகாது. ஆனால் தட்டுகிற கதவு ஒன்றுதான்.

நார் வேறு வழியில் வருகிறது. மனித நொதியங்களால் அதை உடைக்க முடியாது. கௌபி, பயறு, வெண்டிக்காய், வெந்தயம் போன்றவற்றிலுள்ள கரையும் நார் தண்ணீரில் பசைபோல் ஆகி, உணவுக் குழம்பைத் தடிப்பாக்குகிறது. மாச்சத்து நொதியங்களைச் சந்திப்பதும் சீனி குடற்சுவரை அடைவதும் தாமதமாகின்றன. ஏற்றம் குறைவதால் பள்ளமும் ஆழமாக விழுவதில்லை. அவித்த பயறுவகைகளில் மாச்சத்து கலச்சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் அதன் ஒரு பகுதி உடைபடாமலே கீழ்க்குடல் வரை போய்ச் சேர்கிறது. கீழ்க்குடலுக்கு உணவு வந்துசேர்வதே மேலே வயிற்றுக்கு "வேகத்தைக் குறை" என்ற கட்டளையாகிறது.

எல்லா நாரும் இந்த வேலையைச் செய்வதில்லை. பசைபோல் ஆகும் நார் பசியைக் கூடுதலாக அடக்குகிறது, பசைபோல் ஆகாத நாரில் பெரும்பகுதி பசியில் தெளிவான மாற்றத்தைக் காட்டவில்லை என்பதே இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. வெள்ளை மாவில் ஒரு கரண்டி தவிட்டைக் கலந்துவிட்டு முழுப் பயறு சாப்பிட்ட பலனை எதிர்பார்க்க முடியாததும் இதனாலேயே.

புரதத்தின் அளவிலும் ஒரு கேள்வி உண்டு. 2005இல் ஸ்டீவன் சிம்சனும் டேவிட் ரோபன்ஹைமரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடம்பு தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை சாப்பாட்டைத் தேடும். புரதம் ஐதான உணவென்றால், அதை எட்டுவதற்காக மற்றவற்றை மேலதிகமாக உண்ணும் என்பது அவர்களுடைய வாதம். 2011இல் சிட்னியில் 22 பேரை வைத்துச் செய்த சோதனையில், சக்தியில் 15 வீதம் புரதத்திலிருந்து வந்த உணவைவிட, 10 வீதம் மட்டுமே வந்த உணவில் மொத்தச் சாப்பாடு 12 வீதம் கூடியது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு வேளைச் சாப்பாட்டில் வரவில்லை, இடையிடையே கொறித்ததில் வந்தது. நம்முடைய முதல் தட்டில் புரதத்தின் பங்கு ஏறக்குறைய 6 வீதம், இரண்டாவதில் 22 வீதம். பத்து மணித் தேத்தண்ணியோடு பணிசும் ரோல்ஸும் இறங்குவது இந்தக் கருத்தோடு பொருந்தித்தான் போகிறது.

ஆனால் இது முடிந்த முடிவல்ல. 2013இல் நெதர்லாந்தில் 5, 15, 30 வீதப் புரதம் கொண்ட உணவுகளைப் பன்னிரண்டு நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 30 வீதத்தில் சாப்பாடு குறைந்தது. ஆனால் 5 வீதத்தில் அது கூடவில்லை. புரதம் மிகுந்தால் பசி அடங்கும் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. புரதம் குறைந்தால் உடம்பு கட்டாயம் மேலதிகமாகத் தேடும் என்பதற்கு அவ்வளவு வலுவில்லை.

தோட்டமும் தட்டும்

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் தோட்டத்து அம்மா சொன்னது சரிதான். காரணத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் மாவின் மேல் பழிபோட்டார். மா தனியாக வந்ததுதான் குற்றம். வெள்ளைமாப் பிட்டையே சாப்பிட்டாலும், அதன் அளவை மூன்றிலொரு பங்கு குறைத்து அந்த இடத்தில் ஒரு கோப்பை கௌபியையோ பயற்றையோ வைத்தால் கதையின் பெரும்பகுதி மாறிவிடும். பருப்பைத் தண்ணீராய்க் கரைத்துச் சொதிபோல் ஊற்றுவதைவிடத் தடிப்பாய்க் கடைந்து வைப்பது நல்லது. முட்டை ஒன்று 6 கிராம் புரதம் தரும். குளத்து மீன் ஒரு துண்டு அதைவிடக் கூடத் தரும். தேத்தண்ணியின் இனிப்பைக் கைவிட முடியாதென்றால், சீனியைக் கரைத்துக் குடிக்காமல் கடிக்கிற அளவு பனங்கட்டியோடு குடிப்பது சீனியின் அளவையாவது குறைக்கும்.

இதில் ஒரு முரண்நகை உண்டு. கௌபி, பயறு, உழுந்து, கச்சான் எல்லாம் இந்த மேட்டுக் காணிகளில் விளைபவை. விளைந்ததும் மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் போகின்றன. அந்தக் காசில் கடையிலிருந்து கோதுமை மா வீட்டுக்கு வருகிறது. இலங்கையில் விளையாத தானியம் அது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு தீவெங்கும் இன்னும் இலகுவாகக் கிடைத்தது. இடம்பெயர்வுக் காலங்களில் நிவாரண மூட்டையிலும் அதுவே வந்தது. அவிச்ச மாவில் பிட்டும் இடியப்பமும் ரொட்டியும் செய்வது கைப்பழக்கமாகிவிட்டது. கோதுமை மாவில் அரிசி மாவைவிடப் புரதம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் உடம்புக்கு இன்றியமையாத லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. பயறு வகைகளில் லைசின் தாராளம். தானியத்தோடு பயற்றைச் சேர்த்துச் சாப்பிடும் பழைய வழக்கம் இந்தக் குறையையும் சேர்த்தே அடைத்தது.

மாற்றிப் பார்க்கிறவர்கள் சில இடங்களில் தடக்குப்படுவார்கள். பயறுவகைக்குப் பழகாத வயிற்றில் முதல்நாளே பெரிய கோப்பை கௌபி போனால் வாய்வு கட்டும், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்து, இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கினால் ஒன்றிரண்டு கிழமையில் குடல் பழகிவிடும். கருவாட்டில் உப்புக் கூட. அழுத்தம் உள்ளவர்கள் அதை நன்றாக ஊறவைத்துக் கழுவவேண்டும், அல்லது முட்டைக்கோ பச்சை மீனுக்கோ போகவேண்டும். சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் பலரை வாட்டுகிறது. அந்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் பசி மங்கிய முதியவர்களுக்கும் நாரால் வயிற்றை நிரப்பினால், வேண்டிய சக்தி உள்ளே போகுமுன்னே வயிறு போதும் என்றுவிடும்.

எல்லாப் பசியும் சாப்பாட்டின் கூறால் வருவதுமில்லை. நாள்தோறும் பத்து மணிக்குத் தேத்தண்ணி குடித்துப் பழகிய உடம்பு, என்ன சாப்பிட்டாலும் பத்து மணிக்குக் கேட்கும். கொஞ்சம் வேலையில் மூழ்கினால் அந்தக் கேள்வி மறந்துபோகும். மறந்துபோகாமல் ஏறிக்கொண்டே போவதுதான் பசி. கைநடுக்கமும் குளிர்வியர்வையும் தலைச்சுற்றும் சேர்ந்து வந்தால், அதுவும் சலரோகத்துக்கு மருந்து எடுக்கிற ஒருவருக்கு வந்தால், அது உடனே சீனி கொடுத்து வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நிலை. சாப்பிடச் சாப்பிடப் பசியும், தீராத தாகமும், அடிக்கடி சலம் போவதும் சேர்ந்திருந்தால் குருதியைச் சோதிக்கவேண்டும்.

கடைசியாக, இந்தக் கட்டுரையின் கணக்கு நிற்கும் தரையைச் சொல்லவேண்டும். இரண்டு தட்டிலும் 480, 490 கலோரி இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. 2016ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் இலங்கையிலேயே வறுமை கூடிய மாவட்டம், ஸ்கந்தபுரம் இருக்கிற கிளிநொச்சி. 18.2 வீதமானோர் வறுமைக் கோட்டின் கீழே இருந்தார்கள். நாட்டின் சராசரி 4.1 வீதம். வெயிலில் குனிந்து களை பிடுங்குகிறவளின் தட்டில் 300 கலோரிதான் இருந்ததென்றால், பத்து மணிப் பசி வயிற்றின் தவறான செய்தியல்ல. உடம்பு உள்ளதைத்தான் சொல்கிறது. அங்கே நாரைப் போட்டு வயிற்றைச் சமாளித்தால் அந்தச் செய்தியை அமுக்கியதாகத்தான் ஆகும். அப்படியான நாளில் முதலில் கேட்கவேண்டியது சாப்பாடு நின்று பிடித்ததா என்றல்ல, சாப்பாடு போதுமானதாக இருந்ததா என்று. போதுமான அளவு மா இருக்கிற வீட்டில்தான் அதன் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கௌபியை வைக்கலாம். போதாத வீட்டில் மாவைத் தொடாமல், அதற்கு மேலே கௌபியை வைக்கவேண்டும்.